"தே" எங்கே இருக்கிறது? உயிர்மெய் அட்டவணையை வைத்துச் சில பயிற்சிகள்

ஆறு வயதுக் குழந்தை ஒன்று "க கா கி கீ கு கூ" என்று ஒரே மூச்சில் "கௌ" வரை சொல்லி முடித்ததும் வீட்டில் எல்லாரும் கை தட்டுவோம். அதே குழந்தையிடம் அட்டவணையில் "தே" என்ற கட்டத்தைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் உடனே பதில் சொல்லாது. உதடு மட்டும் அசையும். "த, தா, தி, தீ, து, தூ, தெ..." என்று வரிசையின் தலையிலிருந்து ஓடி வந்து அந்தக் கட்டத்தில் நின்று "தே!" என்று சொல்லும். பதில் சரிதான். ஆனால் குழந்தை அந்த எழுத்தைப் படிக்கவில்லை, பாட்டில் அது எத்தனையாவது என்று எண்ணியிருக்கிறது.

அட்டவணையைக் கையால் மூடிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் "தே" என்று மட்டும் எழுதிக் காட்டினால் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்துவிடும். இடம் தெரியாததால் எண்ண வழியில்லை. எழுத்தைப் பார்த்துத்தான் சொல்லியாக வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். ஒப்பிக்கிற குழந்தை எது, படிக்கிற குழந்தை எது என்று அதிலேயே தெரியும்.

பெங்களூரில் எங்கள் அடுக்ககத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் சில குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறோம். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் உண்டு, தமிழ் கிடையாது. வீட்டில் பேசுகிறார்கள், ஆனால் இந்த ஒரு மணி நேரத்தில் எழுத்து பிடிபடாவிட்டால் பெரும்பாலும் பிறகு பிடிபடப் போவதில்லை. அதனால் அந்த நேரத்தில் அட்டவணையை வைத்து எதைச் செய்வது, எதை விடுவது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. அந்தக் குறிப்புகள்தான் இவை.

அட்டவணை என்பது ஒரு விதி

12 உயிர், 18 மெய், பெருக்கினால் 216 உயிர்மெய். 216 உருவத்தை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வது என்றால் பெரிய வேலை. ஆனால் அட்டவணையே அதைச் சுருக்கத்தான் இருக்கிறது. இடப்பக்கம் மெய், மேலே உயிர், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் இரண்டின் சேர்க்கை. "ம்" தெரியும், "ஏ" தெரியும் என்றால் "மே" தானாக வர வேண்டும். நிரல் எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல: இரண்டு உள்ளீடு, ஒரு வெளியீடு.

ஆனால் குழந்தைக்கு இந்த விதி அட்டவணையைப் பார்த்தவுடன் தெரிவதில்லை. அதற்கு முதல் காரணம் முதல் நெடுவரிசைதான். "க்" என்பதோடு "அ" சேர்ந்தால் "க". இங்கே எதையும் சேர்த்து எழுதவில்லை. இருந்த புள்ளியை எடுத்திருக்கிறோம். ஒலி கூடுகிறது, உருவம் குறைகிறது. மற்ற 11 நெடுவரிசையிலும் ஒலி கூடும்போது உருவமும் கூடுகிறது அல்லது மாறுகிறது. இந்த ஒன்று மட்டும் தலைகீழ். இதைச் சரியாகப் பிடிக்காத குழந்தை "க"வோடு "ஆ"வைச் சேர்த்துக் "கஆ" என்று இழுக்கும்.

இதற்கு ஸ்லேட்டும் ஈர விரலும் போதும். "ம்" என்று எழுதி, உதட்டை மூடி "ம்ம்ம்" என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு விரலால் புள்ளியை அழித்துக்கொண்டே வாயைத் திறக்கச் சொல்லுங்கள்: "ம்ம்ம்... ம". புள்ளி போனால் வாய் திறக்கிறது. மறுபடி புள்ளி வைத்தால் வாய் மூடுகிறது. ம், ன், ல் போல இழுத்துச் சொல்லக்கூடிய மெய்களில் தொடங்க வேண்டும். க், ட், ப் ஆகியவற்றை இழுக்க முடியாது, அவற்றில் தொடங்கினால் குழந்தைக்கு ஒன்றும் கேட்காது. இரண்டு வாரம் இதை மட்டும் செய்தாலும் நேரம் வீணில்லை.

முழு அட்டவணை வேண்டாம், 36 கட்டம் போதும்

கடையில் விற்கும் சுவர் அட்டவணையில் "ஙெ", "ஙோ" எல்லாம் இருக்கும். எந்தச் சொல்லிலும் குழந்தை அவற்றைப் பார்க்கப் போவதில்லை. "ங்" மட்டும் வேண்டும் (சங்கு, தங்கம்). அதன் வரிசையை இப்போதைக்கு மூடிவிடலாம். "ஔ" நெடுவரிசையும் வௌவால், மௌனம், பௌர்ணமி என்று சில சொற்களுக்கு மட்டும்தான், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் எடுத்துக்கொள்வது ஆறு மெய்: க, ச, த, ப, ம, வ. ஆறு உயிர்: அ, ஆ, இ, ஈ, எ, ஏ. மொத்தம் 36 கட்டம். இந்த ஆறு மெய்யும் சொல்லின் முதலில் வரும், அதனால் படம் காட்டிச் சொல் சொல்வது எளிது. உ, ஊ வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன. காரணம் கீழே.

ஒரு சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு, ஓரங்களில் மட்டும் மெய்யையும் உயிரையும் எழுதுங்கள். உள்ளே காலி. 36 எழுத்தும் தனித்தனி அட்டையில். இப்போது வழக்கத்துக்கு மாறாக, கிடையாகப் போகாமல் மேலிருந்து கீழே போக வேண்டும்: கா, சா, தா, பா, மா, வா. "க கா கி கீ" என்று போகும்போது மெய் மாறாது, உயிர் மாறும். அந்த மெட்டு ஏற்கெனவே குழந்தையின் வாயில் இருக்கிறது, கண் வேலை செய்ய வேண்டியதில்லை. கீழ்நோக்கிப் போகும்போது மாறாமல் இருப்பது கால் (ா) என்ற குறி. ஆறு முறை அதே குறி, ஆறு முறை அதே ஒலி. "இந்தக் கால் வந்தால் ஆ" என்பதைக் குழந்தையே சொல்லிவிடும்.

ஆ நெடுவரிசையில் தொடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய எழுத்தில் அதில் விதிவிலக்கே கிடையாது. பழைய அச்சில் ணா, றா, னா மூன்றும் காலை வாங்காமல் வேறு உருவத்தில் இருந்தன. லை, ளை, ணை, னை நான்கும் யானைத் துதிக்கை மாதிரி இருந்தன. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் மாற்றிக் காட்டிய எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. அப்படி மாறியவை 13 எழுத்துகள். அதனால் ஆ நெடுவரிசையும் ஐ நெடுவரிசையும் ஒழுங்குக்கு வந்தன. தாத்தா வீட்டுப் பழைய புத்தகத்தைக் குழந்தை கையில் கொடுக்கும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்து கீழே பழகியபின் கலைத்துப் போட வேண்டும். ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கலைந்த கட்டம் எனக்குத் தேவைப்பட்டதால் சின்ன நிரல் ஒன்று:

```python
import random
mey = "கசதபமவ"
kuri = ["", "ா", "ி", "ீ", "ெ", "ே"]
cells = [m + k for m in mey for k in kuri]
random.shuffle(cells)
for i in range(0, 36, 6):
    print("  ".join(cells[i:i+6]))
```

கணினி இல்லாவிட்டால் 36 அட்டையையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்தாலே போதும். குழந்தை ஒரு அட்டையை எடுக்கிறது, படிக்கிறது, காலியான கட்டத்தில் அதன் வீட்டைத் தேடி வைக்கிறது. இடப்பக்கம் ஒரு விரல், மேலே ஒரு விரல், இரண்டையும் நகர்த்திச் சந்திக்க வைக்க வேண்டும். வீடு தவறினால் எந்த விரல் தவறியது என்று பார்க்கலாம்: மெய்யா, உயிரா? "தவறு" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு குழந்தையின் 14 தவறுகள்

ஆறே வயதான ஒரு பெண்குழந்தை கலைத்த 36இல் 22 சரியாகப் படித்தாள். மீதி 14ஐ எண்ணிக்கையாக மட்டும் வைத்துக்கொண்டால் பயனில்லை, வகை பிரித்துப் பார்க்க வேண்டும். நான்கு தவறு இ–ஈ மாற்றம். ஒன்று வ–ப குழப்பம். மீதி ஒன்பதும் எ, ஏ நெடுவரிசைகளில். அந்த இரண்டிலும் மொத்தம் இருப்பதே 12 கட்டம்தான்.

அந்த ஒன்பதில் ஆறு, "கெ"யைக் "கே" என்றும் "தே"யைத் "தெ" என்றும் மாற்றிப் படித்தவை. மூன்றில் கொம்பையே விட்டுவிட்டு "ச", "ப", "வ" என்று படித்தாள். இவை இரண்டு வேறு வேறு பிரச்சினைகள்.

குறில்–நெடில் மாற்றத்துக்குக் காது காரணமா, கண் காரணமா என்று முதலில் பார்க்க வேண்டும். எழுத்தே காட்டாமல் வாயால் கேட்டேன்: "எடு–ஏடு, ரெண்டும் ஒண்ணா?" "படி–பாடி?" "கொடு–கோடு?" எல்லாவற்றுக்கும் "வேற வேற" என்று சரியாகச் சொன்னாள். "கோடுன்னா லைன்" என்று விளக்கமும் வந்தது. அப்படியானால் காது சரி, ஒற்றைக்கொம்பும் (ெ) இரட்டைக்கொம்பும் (ே) கண்ணுக்குத்தான் ஒன்றாகத் தெரிகின்றன.

இதில் அவளைக் குறை சொல்ல முடியாது. இந்த இரண்டு கொம்பும் தனித்தனியாக இருப்பதே 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம் என்று சொல்லப்படுகிறது. அதற்கு முன் ஏகாரத்துக்கும் எகரத்துக்கும் ஒரே கொம்புதான். குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் பெரும்பாலும் அது விடப்பட்டது. படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். குழந்தைக்கு அந்த இடம் பார்க்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

இதற்குச் செய்தது: "ெ" ஒரு அட்டை, "ே" ஒரு அட்டை. ஒற்றைக்கொம்பு காட்டினால் ஒரு தட்டு, இரட்டைக்கொம்பு காட்டினால் மேசையில் கையை இழுத்துத் தேய்த்தல். முதலில் கொம்பு மட்டும், பிறகு மெய்யோடு. மேலே இருக்கும் இரண்டாவது சுழியைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். இரண்டு வாரம் கழித்துச் சிவப்பை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை சிவப்பைப் படிக்கும், கொம்பைப் படிக்காது.

முன்னால் நின்று பின்னால் ஒலிக்கும் கொம்பு

கொம்பை விட்டுவிட்ட மூன்று தவறுதான் இன்னும் முக்கியம். "மே" என்பதில் முதலில் ஒலிப்பது ம், பிறகு ஏ. ஆனால் இடமிருந்து வலமாகப் போகும் கண்ணுக்கு முதலில் கிடைப்பது கொம்பு. ஒலி வரிசையும் எழுத்து வரிசையும் எதிரெதிர். எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆறிலும் இதே நிலைமை, பாதி அட்டவணை!

தனி எழுத்தில் இது அவ்வளவாகத் தெரியாது, சொல்லில் பளிச்சென்று தெரியும். "பலகை" என்று எழுதிக் கொடுங்கள். "பலை... க" என்று படித்தால் காரணம் இதுதான். நடுவில் நிற்கும் ை யாருடையது என்று தெரியாமல் குழந்தை அதை முன்னால் இருக்கும் "ல"வுக்குக் கொடுத்துவிட்டது. கால், மேல்விலங்கு (ி) எல்லாம் தனக்கு முன்னால் இருக்கும் எழுத்தைச் சேர்ந்தவை என்று பழகிய குழந்தை இப்படிச் செய்வது இயல்புதான். அதாவது அது ஒரு விதியைப் பின்பற்றுகிறது, இந்தக் குறிக்கு அந்த விதி பொருந்தவில்லை.

கணினிக்கும் இதே சிக்கல் இருந்தது. தமிழ்த் தட்டச்சுப்பொறியில் கண் பார்க்கும் வரிசையில் கொம்பை முதலில் தட்டி, பிறகு மெய்யைத் தட்டினார்கள். யூனிக்கோடு ஒலி வரிசையைத் தேர்ந்தெடுத்தது:

```
>>> list("மே")
['ம', 'ே']
```

நினைவகத்தில் "ம" முதலில், கொம்பு பின்னால். திரையில் காட்டும்போதுதான் கொம்பு முன்னால் தாவுகிறது. குழந்தைக்கும் இந்தத் தாவலைக் கண்ணெதிரே காட்ட வேண்டும்.

மெய் அட்டையை மேசை நடுவில் வைத்து "ம்" என்று சொல்ல வேண்டும். பிறகு கொம்பு அட்டையை வலப்பக்கத்திலிருந்து எடுத்து, மெய்க்கு மேலாகத் தாண்டி இடப்பக்கம் வைத்துக்கொண்டே "ஏ" என்று சொல்ல வேண்டும். "ம்... ஏ... மே." கை போகும் வரிசை ஒலி வரிசையாகவே இருக்கிறது, முடிவில் கிடைக்கும் உருவம் சரியாக இருக்கிறது. "கொ" வந்தால் மூன்று அட்டை: நடுவில் க், ஒரு கை இடப்பக்கம் கொம்பை வைக்க, மறு கை வலப்பக்கம் காலை வைக்க, இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே "ஒ". தனித்தனியாக வைத்தால் "கெ... ஆ" என்று இரண்டாகப் படிக்கும்.

பிறகு சொல்லுக்குப் போகும்போது கொம்பையும் அதற்கு வலப்பக்கம் இருக்கும் மெய்யையும் சேர்த்துப் பென்சிலால் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். ப, ல, (கை). வட்டம் போட்டபின்தான் படிக்க வேண்டும். கடை, தேதி, மேசை, பலகை என்று பத்துச் சொல். வட்டம் போடாமலே சரியாகப் படிக்கத் தொடங்கியதும் பென்சிலை வாங்கிவிடலாம்.

எழுதுவது தனி வேலை. எழுதும்போது கொம்பைத்தான் முதலில் எழுதுகிறோம், அதனால் "மே" என்று ஒலி வருவதற்குள் குழந்தை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். படிப்பு வந்து சில வாரம் கழித்தே எழுத்து வரும். இரண்டையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம்.

உ, ஊ: விதி உடையும் இடம்

இந்த இரண்டு நெடுவரிசையிலும் "குறி இதுதான்" என்று காட்ட ஒரே உருவம் கிடையாது. அதனால் கீழ்நோக்கிப் படிக்கும் பயிற்சி இங்கே பலிக்காது. பிரித்து அடுக்கும் பயிற்சிதான் பலிக்கும். "உ" வரிசை அட்டைகளைக் கொட்டி, "ஒரே மாதிரி வால் இருக்கிறதை ஒண்ணா வை" என்று சொன்னால் குழந்தைகளே ஏறத்தாழ மூன்று குவியல் போடுகிறார்கள். நேராகக் கீழே இறங்குபவை: சு, பு, யு, வு. கீழே இறங்கிச் சுற்றி, வலப்பக்கம் மறுபடி மேலே ஏறுபவை: ஞு, ணு, து, நு, லு, று, னு. வளைந்து சுழல்பவை: கு, டு, மு, ரு, ழு, ளு.

குவியல் போட்டபின் ஊ வரிசை எளிதாகிறது, ஏனென்றால் குடும்பத்துக்குக் குடும்பம்தான் மாறுகிறது. ஏறும் குடும்பம் ஏழும் அப்படியே ஒரு காலை வாங்கிக்கொள்ளும்: து–தூ, நு–நூ. வளையும் குடும்பத்தில் சுழி ஒன்று கூடும்: மு–மூ, ரு–ரூ. இறங்கும் குடும்பத்தில் கோட்டின் அடியில் ஒரு கொக்கி வரும்: பு–பூ. இரண்டு மட்டும் குடும்பத்தை விட்டு ஓடிப்போகும்: கூ, சூ. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அட்டவணை எங்கே நின்றுவிடும்?

இரண்டு விஷயத்தை இது சொல்லித்தராது. "பகல்" என்பதில் இருக்கும் க, "கல்" என்பதில் இருக்கும் க மாதிரி ஒலிப்பதில்லை. அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான். கன்னடத்தில் இரண்டுக்கும் தனி எழுத்து பார்த்த குழந்தை "எந்த க?" என்று கேட்கும். சொல்லைச் சொல்லிப் பார்த்தால் வாய்க்கே தெரியும் என்பதுதான் பதில். தமிழ் பேசும் குழந்தைக்கு அது உண்மையிலேயே தெரிந்துவிடுகிறது. இன்னொன்று ல, ள, ழ. கட்டத்தில் மூன்றும் தனித்தனியாக அழகாக இருக்கும், வீட்டுப் பேச்சில் ழ இல்லாவிட்டால் கட்டத்தைப் பார்த்து எந்தப் பயனும் இல்லை. அதற்குக் காதும் நாக்கும் வேண்டும்.

எட்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணுக்கு மறுபடி 36ஐக் கலைத்துக் கொடுத்தபோது 33 சரி. விட்ட மூன்றும் இ–ஈ. கொம்பில் ஒன்றும் தவறவில்லை. ஆனால் அட்டவணையைச் சுருட்டி வைக்கலாம் என்று தோன்றியது அந்த எண்ணைப் பார்த்து அல்ல. மளிகைக் கடைப் பையில் இருந்த "சேமியா" என்ற சொல்லை, எந்தப் பாடத்திலும் வராத சொல்லை, "சே... மி... சேமியா! பாயசத்துல போடுறது" என்று படித்தாள். "யா" நாங்கள் எடுத்த ஆறு மெய்யில் இல்லை. காலைப் பார்த்து அவளே சேர்த்துக்கொண்டது. உங்கள் வீட்டிலும் சொல்லிக்கொடுக்காத கட்டம் ஒன்றைக் குழந்தை தானாக நிரப்பும் நாள் வந்தால், அன்றைக்குச் சுவரிலிருந்து அட்டவணையைக் கழற்றிவிட்டுக் கதைப்புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடலாம்.